பதினாறாவது கிலோமீட்டரில் நிற்பவளுக்கு

சனிக்கிழமை மத்தியானம் ஆக்சிலியாவின் போனில் ஒரு வாட்சப் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவன் அவள் புருஷன் அந்தோணி பிரகாஷ். எந்த ஊரிலிருந்து அனுப்பினான் என்று கேட்டால், பக்கத்து அறையிலிருந்து. வாயால் சொன்னால் நாளைக்கு ‘நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று இவள் சொல்லிவிடுவாளாம். அதனால் எழுத்துப்பூர்வமாக.

பதினான்கு அம்சங்கள். விரலால் தள்ளித் தள்ளிப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு சுண்டிவிட்டது.

மாரண்டஹள்ளியில் அவன் ஓடுவது தெரியாதவர்கள் யாரும் கிடையாது. தெரியாமல் இருக்க அவன் விட்டதில்லை. காய்கறி மண்டியில் ரசீது எழுதுகிற உத்தியோகம். விடிகாலையில் ஓடிவிட்டுத்தான் மண்டிக்கு வருவான். வந்ததும் தக்காளிக் கூடை இறக்குகிறவர்களிடம் இன்று எத்தனை கிலோமீட்டர், நாடித்துடிப்பு எத்தனை என்று சொல்வான். ராத்திரி முழுக்க லாரியில் நின்று வந்து, முப்பது கிலோ கூடைகளைத் தோளில் சுமந்துகொண்டிருக்கும் அந்த ஆட்களும் பாவம், ‘அப்படிங்களா’ என்பார்கள்.

நாளைக்கு முழு மாரத்தான். பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஐந்து மணிக்குத் தொடக்கம். அங்கிருந்து பாலக்கோடு தாண்டி, இருபத்தோராவது கிலோமீட்டரில் திரும்பி, வந்த வழியே வந்து அதே மைதானத்தில் முடிக்க வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் சில்லறையும். மூன்று வருடமாக நடக்கிறது. போன வருடம் பிரகாஷ் முடிக்கவில்லை. அதற்குக் காரணம் ஆக்சிலியா.

அப்படித்தான் ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. ‘நான் நல்லாத்தான் ஓடிட்டு வந்தேன். கேட்ட சாமானை மாத்திக் குடுத்துட்டா. அதோட எல்லாம் போச்சு’ என்று அவன் குடும்ப குரூப்பில் ஒரு குரல்பதிவு போட்டான். முப்பத்துநாலு பேர் உள்ள குரூப். என்ன சாமான் என்று அவனும் சொல்லவில்லை, ஒருத்தரும் கேட்கவும் இல்லை. உப்புக் கரைசலுக்குப் பதிலாக ஏதோ கண்டதைக் கலக்கிக் கொடுத்துவிட்டாள் என்று ஆளுக்கு ஆள் முடிவு செய்துகொண்டார்கள். சொந்தக்காரப் பிள்ளை ஒன்று முதன்முதலில் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அவள் பாயசம் பரிமாறப் போனால், ‘பாத்து ஊத்தும்மா, மாத்தி ஊத்திறப் போறே’ என்று ஒரு சித்தப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வது.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டில் தெருவைப் பார்த்த ஒரு முன்னறை இருக்கிறது. அதில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், விண்ணப்பம் போட்டுக் கொடுக்க ஒரு மேசை வைத்துக் கடை போட வேண்டும் என்பது ஆக்சிலியாவின் ஆசை. பி.காம் படித்தவள், ஓசூரில் அப்படி ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். வீடு மாமியார் ராஜமேரியின் பேரில் இருக்கிறது. போன வருடம் வரைக்கும் ராஜமேரி ‘பாக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாரத்தானுக்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது.

“கட்டினவனுக்கு ஒரு பாட்டிலை ஒழுங்கா எடுத்துக் குடுக்கத் தெரியல. ஊருல இருக்கறவன் சர்டிபிகேட்டை எல்லாம் வாங்கி நீ என்னத்த பண்ணுவே? மாத்திக் குடுத்தீன்னா எவன் பொழப்பு போறது?”

இந்த முறை அதற்கும் ஒரு முடிவு கட்டிவிடுவது என்று ராஜமேரியே கிளம்பிவிட்டாள். “நானும் வரேன். எவ மேல தப்புன்னு என் கண்ணால பாத்துட்டு அப்புறம் அந்த ரூமைப் பத்திப் பேசிக்கலாம்” என்றாள். ஞாயிறு பூசை தவறக் கூடாதென்று சனிக்கிழமை சாயங்காலப் பூசையிலேயே அந்தக் கடமையை முடித்துக்கொண்டாள்.

ஆகவே ஆக்சிலியா அந்தப் பதினான்கு அம்சத்தையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தாள்.

‘பதினாறாவது கிலோமீட்டர் பலகையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நிற்கவும். அங்கே தண்ணீர் மேசை இருக்கும். மேசைக்குப் பக்கத்தில்தான் வெளியாள் சாமான் கொடுக்கலாம், வேறு இடத்தில் கொடுத்தால் என்னை நீக்கிவிடுவார்கள். மஞ்சள் குடையை விரித்துப் பிடிக்கவும். போகும்போது 6.42-க்கு வருவேன். திரும்பும்போது அதே இடம் எனக்கு இருபத்தாறாவது கிலோமீட்டர். 7.48-க்கு வருவேன்.’

‘ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். உன் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைக்கவும். பாட்டிலின் கழுத்தைப் பிடிக்கவும், இடுப்பை நான் பிடிப்பேன். நின்ற இடத்திலேயே நீட்டாதே, என்னோடு நாலு எட்டு ஓடிவந்து கொடு. எனர்ஜி ஜெல் கொடுத்தால் அதோடு வெறும் தண்ணீர்தான், உப்புக் கரைசல் கூடாது. வாழைப்பழம் பாதி உரித்தது.’

‘என் போன் உன்னிடம் இருக்கும். என்னைக் கூப்பிட முயற்சி செய்யாதே.’ போனை இவளிடம் கொடுத்துவிட்டு, அதில் தன்னைக் கூப்பிடாதே என்றும் எழுதிய மகான் அவன். ‘8.15 வரை நான் வராவிட்டால் மட்டும் தண்ணீர் மேசையில் ஒட்டியிருக்கும் மருத்துவ உதவி எண்ணுக்கு அழைக்கவும். 9.30-க்கு முடிப்பேன். உடனே கீழ்க்கண்ட ஏழு பேருக்கும் இதே வரிசையில் போன் செய்து சொல்லவும்.’ ஏழு பேரில் முதலாவது அந்தச் சித்தப்பா.

பதினோராவது அம்சம் இது. ‘திரும்பி வரும்போது ரப்பர் பேண்டு ஒன்று கேட்பேன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் நாலும் உன் கையில் தயாராக இருக்கட்டும். நான் எந்த நிறம் கேட்கிறேனோ அதே நிறம். போன வருடம் மாதிரி நீலம் கேட்டால் சிவப்பைக் கொடுக்காதே. மணிக்கட்டு நரம்புக்காக. நிறத்துக்கு நிறம் இறுக்கம் வேறு. ரகசியமாகக் கொடு, மற்ற ஓட்டக்காரர்கள் காப்பி அடிப்பார்கள்.’

கடைசி அம்சம்: ‘உன் சொந்த மூளையைப் பயன்படுத்த வேண்டாம்.’

ரப்பர் பேண்டுகளை அவனே மண்டியிலிருந்து கொண்டுவந்திருந்தான். கொத்தமல்லிக் கட்டுக்குப் போடுகிற பட்டையான ரப்பர். நிறத்துக்கு நிறம் இறுக்கம் வேறா என்று ஆக்சிலியா நாலையும் இழுத்துப் பார்த்தாள். நாலும் ஒரே மாதிரித்தான் இழுபட்டன. ஓடுகிறவர்களுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறே காலுக்கெல்லாம் மாமியாரும் மருமகளும் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார்கள். தை மாதப் பனி, எதிரே வருகிற லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பதினாறு என்று எழுதிய பலகை, தண்ணீர் மேசை, மேசைக்குப் பின்னால் பூவிழி என்று ஒரு காலேஜ் பெண், கழுத்தில் தன்னார்வலர் அட்டை. ஆக்சிலியா பலகையிலிருந்து எட்டு வைத்து அளந்து முப்பது மீட்டரில் நின்று, மஞ்சள் குடையை விரித்தாள். ராஜமேரி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

“எதுக்குங்கத்தே இப்பவே?”

“புள்ள ஓடறானில்ல. நீ பாட்டிலப் பாரு, நான் மேல இருக்கறவரைப் பாத்துக்கறேன்.”

6.42 என்றால் 6.44-க்கு வந்தான். அந்த அளவுக்கு ஒழுங்கு இருந்தது. ஆக்சிலியா பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, புடவையை இடுப்பில் சொருகி, நாலு எட்டுக்கு ஆறு எட்டாகவே கூட ஓடிக் கொடுத்தாள். அவன் வாங்கினான், குடித்தான், பாட்டிலை வீசினான், போனான். நன்றி கிடையாது. அது பதினான்கு அம்சத்திலும் இல்லை.

“சரியாத்தான் குடுத்தே” என்று ராஜமேரி ஒத்துக்கொண்டாள், வாயில் கசாயம் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. “ஆனா போன தடவையும் திரும்பறப்பத்தானே மாத்துனே.”

ஏழு மணிக்கு மேல் பனி கலைந்தது. முதல் ஆள் திரும்பி வந்தான். வத்தல்மலைப் பக்கத்துப் பையனாம், வற்றல் மாதிரி உடம்பு. கொஞ்ச நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு பேர். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூன்று பேர் மணிக்கட்டிலும் பச்சையாக ஒன்று தெரிந்தது. ஆக்சிலியா குடையைச் சாய்த்துப் பார்த்தாள். கொத்தமல்லிக் கட்டு ரப்பர்.

பரவாயில்லையே, எல்லாருக்கும் நரம்புக் கோளாறு போல என்று நினைத்தாள். நாலாவது ஆளுக்கும் பச்சை. ஐந்தாவதுக்கும் பச்சை. எல்லாருக்கும் ஒரே நரம்பா?

மேசைக்குப் போய்க் கேட்டாள். “ஏம்மா, இது என்ன எல்லார் கையிலயும் ரப்பர் பேண்டு?”

“அதுங்களாக்கா? யூ-டர்ன்ல போடறது. இருபத்தோராவது கிலோமீட்டர் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்புனாங்கன்னு அடையாளம். முடிக்கற எடத்துல கையில அது இருந்தாத்தான் மெடல்.”

“ஓ.”

“மொத வருசம் செகப்பு ஒண்ணே ஒண்ணுதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆறு பேரு வூட்ல இருந்தே போட்டுகிட்டு வந்து பாதி வழியில திரும்பிட்டாங்க. அதனால போன வருசத்துல இருந்து என்ன கலருன்னு சொல்றதில்ல. காலையிலதான் பொட்டலத்தைப் பிரிப்பாங்க. ஸ்டார்ட்டிங்லயே பாக்கெட், இடுப்புப் பை எல்லாம் தடவிப் பாத்துத்தான் விடறாங்க. போன வருசம் நீலம். அதுலயும் ஒரு ஆளு பாருங்க, செகப்பைப் போட்டுகிட்டு வந்து மெடலுக்குக் கைய நீட்டுனாராம்.” பூவிழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எவ்வளவு தைரியம் பாருங்க.”

ஆக்சிலியா சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பைக் கொடுத்தவளே அவள்தானே. ஒரு ரப்பருக்காக ஓட்டம் கெடுமா என்று, ஒரு வருடமாக அவள் அந்த உப்புக் கரைசலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கூடிவிட்டதா, பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லையா என்று. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடத் தன் பாவமென்று சொல்லி, பரிகாரமாக இரண்டு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிவிட்டு வந்தாள். கடைசியில் அவள் கெடுத்தது ஓட்டத்தை அல்ல, திருட்டை.

திரும்பி வந்து குடைக்கடியில் நின்றாள். மாமியார் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மணி ஏழு இருபத்தைந்து. யோசிக்க இருபத்து மூன்று நிமிடம் இருந்தது, சொந்த மூளையைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை இருந்தபோதிலும்.

ரப்பர் இல்லை என்று கையை விரித்தால் அவனுக்கு மெடல் இல்லை. சாயங்காலத்துக்குள் குரூப்பில் குரல்பதிவு வந்துவிடும். ‘இந்த வருசமும்.’ சித்தப்பா சாகும்வரை பாயசத்தைப் பார்த்துச் சிரிப்பார். முன்னறை போனது போனதுதான்.

பேசாமல் பச்சையைக் கொடுத்துவிட்டால் அவன் முடிப்பான். மெடல் வரும். மாமியார் ‘இந்தத் தடவை சரியாக் குடுத்துட்டே’ என்பாள். மெஷின் வரும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஆயுசுக்கும் இந்த மனுஷன் பத்து கிலோமீட்டர் தூங்கிவிட்டு வாங்கின மெடலை ஆணியில் மாட்டி, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் மன உறுதியைப் பற்றி வகுப்பெடுப்பான். அதைக் கேட்டுக்கொண்டு காப்பி கொண்டுவந்து வைக்க வேண்டும். அதுதான் ஆக்சிலியாவுக்கு ஆகாது. நேர்மை, அநியாயம் என்றெல்லாம் அவள் பெரிதாக யோசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வகுப்பைத்தான் யோசித்தாள்.

போனை எடுத்துப் பதினோராவது அம்சத்தை மறுபடி படித்தாள். அப்புறம் நாலு ரப்பரையும் எடுத்து, வாட்ச் கட்டாத கையில் வளையல் மாதிரி வரிசையாக மாட்டிக்கொண்டு, குடையோடு போய்த் தண்ணீர் மேசையை ஒட்டியே நின்றாள். மேசைக்குப் பக்கத்தில் கொடுக்கலாம் என்றுதானே எழுதியிருந்தது. விதியை மீறவில்லை.

“அத்தே, இங்க வந்து உக்காருங்க. இங்கிருந்து பாத்தா நல்லாத் தெரியும்.”

ராஜமேரி நாற்காலியோடு வந்தாள். “எத்தனை மணிக்கு வருவான்?”

“ஏழு நாப்பத்தெட்டுங்க.”

ஏழு நாற்பத்தேழுக்கே வந்துவிட்டான். அவனுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் காலை இழுத்து இழுத்து வந்தார்கள். ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று, தொடை பிடித்துக்கொண்டது என்று முனகினார். பிரகாஷ் மான் குட்டி மாதிரி வந்தான். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. போகும்போது இருந்த ஈரம்கூடக் காய்ந்துபோயிருந்தது. தலையை மட்டும் தனியாக ஓடவிட்டு வந்தவன்போல இருந்தான்.

பத்தடி தூரத்திலேயே கையை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெதுவாகச் சொன்னான். “பச்சை. பச்சை.”

“என்னங்க?”

“பச்சை குடுறி.”

“பச்சை ரப்பர் பேண்டுங்களா?” தெருவில் அப்பம் கூவி விற்கிறவள் மாதிரி உரக்கக் கேட்டாள் ஆக்சிலியா. “இந்தாங்க. நீங்க எழுதுனபடியே நாலு கலரும் கொண்டாந்திருக்கேன். செகப்பு வேண்டாம், நீலம் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். பச்சைதானே? சரியாப் பாத்து வாங்கிக்குங்க. போன வருசம் மாத்திக் குடுத்துட்டேன்னு பேராயிப்போச்சு. அத்தே, நீங்களும் பாத்துக்குங்க, பச்சைதான் கேட்டாரு, பச்சைதான் குடுத்தேன்.”

ஒவ்வொன்றாகக் கையிலிருந்து கழற்றி, பச்சையை மட்டும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். மேசையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பூவிழியின் கை நின்றது. தொடை பிடித்துக் குனிந்து நின்றவர் நிமிர்ந்தார். அவர் மணிக்கட்டிலும் பச்சை.

“அண்ணா, உங்களுக்கு யூ-டர்ன்ல போடலைங்களா?” என்றாள் பூவிழி.

“போட்டாங்கம்மா. அறுந்துபோச்சு.”

“உங்க சம்சாரத்துக்கு எப்படிங்கண்ணா முன்னாடியே தெரிஞ்சுது?”

பிரகாஷ் பெண்டாட்டியைப் பார்த்தான். “உனக்கு மூளை இருக்குதா? ரகசியமான்னு எழுதுனேனில்ல?”

சொல்லிய பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது போலிருக்கிறது. ரப்பரைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். மூடி என்ன பயன்? தொடை பிடித்தவர் அதற்குள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பில் தொடை இன்னும் பிடித்து, மேசையிலேயே சாய்ந்துவிட்டார்.

ராஜமேரிக்கு நடப்பது முழுசாகப் புரியவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. எழுந்து வந்து மகனின் இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கையிலிருந்து தோள்வரை குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு வரி. நைலான் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தால் பதிகிற வரி. மூன்று பிள்ளைகளைக் கட்டிலிலிருந்து அடித்து எழுப்பி வளர்த்தவளுக்கு அது தெரியாதா?

“எங்கடா படுத்திருந்தே?”

“அம்மா, ஓட்டத்துல நிறுத்தாதீங்க, நேரமாவுது.”

“எங்கடா படுத்திருந்தேன்னு கேட்டேன்.”

“ரோட்டோரத்துல, நம்ம மண்டி முருகேஷோட கெணத்து மோட்டார் ரூம்ல. கெண்டைக்கால் பிடிச்சிருச்சும்மா. அஞ்சு நிமிசம்.”

“அஞ்சு நிமிசத்துல இப்படி பதியாது.” ராஜமேரி ஜெபமாலையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “பனியில, முட்டி வலியோட, அம்பத்துமூணு மணிய உருட்டி ஜெபமாலை ரெண்டு முடிச்சிட்டேன்டா. எம்புள்ளைக்குக் கால் தளரக்கூடாது தாயேன்னு. நீ அங்க தூங்கிட்டு இருந்தே. தளராத காலுக்கு மாதா என்ன பண்ணுவா?”

“அம்மா, சத்தம் போடாதீங்க. எல்லாரும் செய்யறதுதான்.”

“எல்லாரும்னா எவனெவன்? பேரைச் சொல்லு.”

அந்த நேரத்தில் தாண்டி ஓடிய ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஐம்பதை நெருங்கிய பெண், வியர்வையில் முக்கி எடுத்த மாதிரி, பச்சை கட்டிய கையால் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு, நிற்காமல் போய்விட்டாள்.

பூவிழி மரியாதை தெரிந்த பெண். அவன் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைப் பார்த்து முந்நூற்றுப் பதினேழு என்று நோட்டில் குறித்துக்கொண்டு, போனில் யாரிடமோ சொன்னாள். அப்புறம் பணிவாகத்தான் சொன்னாள். “அண்ணா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்குது. இங்கிருந்து யூ-டர்ன் அஞ்சு கிலோமீட்டர்தான். போயிட்டுத் திரும்பி வந்து முடிச்சீங்கன்னா மெடல் உண்டு. நான் அவங்ககிட்டயே சொல்லிடறேன். மூணு மணி நேரத்துக்கு மேல இருக்குது, தாராளமா முடிக்கலாம்.”

எல்லாரும் பிரகாஷைப் பார்த்தார்கள். நன்றாக ஓய்வெடுத்த கால், ஓடத் தெரிந்த உடம்பு, முன்னால் திறந்து கிடக்கிற ரோடு. ஆக்சிலியாவுக்கே ஒரு நிமிடம் தோன்றியது, போய்த் தொலைந்தால்கூட அரை மரியாதை மிச்சமாகும் என்று. பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, மூடியைத் தளர்த்தி, தயாராகக்கூட நின்றாள்.

அவன் வானத்தைப் பார்த்தான். “வெயில் ஏறிருச்சு” என்றான். “இந்த வெயில்ல சோடியம் கொறைஞ்சுபோயிரும். விஞ்ஞானப்படி ரிஸ்க்.”

“போடா” என்றாள் ராஜமேரி.

அவனும் போனான். இருபத்தோராவது கிலோமீட்டர் இருக்கிற திசையில் அல்ல, வீட்டுத் திசையில். நூறடி தள்ளி நின்று கையைக் காட்டினான். தர்மபுரியிலிருந்து வந்த டவுன் பஸ் நின்றது. நெஞ்சில் முந்நூற்றுப் பதினேழு என்ற அட்டையோடு ஏறினான். படியில் நின்ற கண்டக்டர் கையைத் தட்டி, ‘ஓடுங்க சார், ஓடுங்க, விட்றாதீங்க’ என்று உள்ளே தள்ளினார். அவர் கேலி செய்தாரா, உண்மையிலேயே உற்சாகப்படுத்தினாரா என்று இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது.

பஸ் கண்மறைவதற்குள் ரப்பர் சங்கதியை, போன வருடத்துச் சிவப்பையும் சேர்த்து, ஆக்சிலியா மாமியாருக்குச் சொல்லி முடித்தாள். அப்போது அவன் போன் அவள் பையில் கிணுகிணு என்று அடித்தது. குரூப்பில் கூப்பிய கைகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்துகொண்டிருந்தன. அப்புறம் மணியே அடித்தது. சித்தப்பா. ஒன்பதரை வரை பொறுக்க மாட்டாத மனுஷர்.

“எடுக்கட்டுங்களா அத்தே?”

ராஜமேரி போனை வாங்கிக்கொண்டாள். “ஆமா, நாந்தான். இல்ல, முடிக்கல. வயித்து வலியெல்லாம் ஒண்ணுமில்ல.” கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசியது. அந்தப் பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். வந்து நின்றது. “அவ எதையும் மாத்திக் குடுக்கல. போன வருசமும் அவ மேல தப்பில்ல. எழுதுனதை எழுதுனபடி குடுத்தா, என் கண்ணால பாத்தேன். இவன்தான் வாங்கத் தெரியாதவன். நீ போயி எல்லாருக்கும் சொல்லு, உனக்குத்தான் வேற வேலை இல்லையே.” என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்து, மிச்சமிருந்த உப்புக் கரைசலையும் வாழைப்பழத்தையும் தொடை பிடித்தவருக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர் பாதி உரித்த பழத்தைப் பார்த்து, ‘நல்ல ஏற்பாடுங்க’ என்று வாயாரச் சொன்னார். இந்தப் பதினான்கு அம்சத்துக்கும் சேர்த்து ஆக்சிலியாவுக்குக் கிடைத்த ஒரே நன்றி அது.

ஸ்கூட்டர் பாலக்கோடு தாண்டுகிறவரை ராஜமேரி பின்னால் உட்கார்ந்து ஓடுகிறவர்களின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓடிக்கொண்டிருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அந்த டீச்சர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். ராஜமேரி அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மருமகளின் காதருகே குனிந்தாள்.

“அந்த முன்னறையில அவனோட ஷூவே ஒம்பது ஜோடி கெடக்குதே. அதை எங்க தூக்கிப் போடறது?”

“மாடியில போட்டுரலாங்கத்தே.”

“மழ பேஞ்சா நனையுமே.”

“நனையட்டுங்க.”

கொஞ்ச தூரம் போனதும் ராஜமேரி மறுபடி கேட்டாள். “அந்த மெஷினு கரண்டு நெறைய இழுக்குமா?”

‘சரி’ என்ற சொல் ராஜமேரி வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் கிடையாது. இதைவிடத் தெளிவான சம்மதத்துக்குக் காத்திருந்தவள் அசடாகத்தான் இருக்க வேண்டும். ஆக்சிலியா அசடு இல்லை.

“அவ்வளவு இழுக்காதுங்கத்தே” என்றாள். “நாளைக்கே கொண்டாரச் சொல்றேன்.”